வறுத்த குரக்கன் மாவை ஊறவைத்தால் பயன் உண்டா?

கேள்வி: என் நான்கு வயது மகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று கிளினிக்கில் பாணி மருந்து தந்தார்கள். வறுத்த குரக்கன் மாவை இரவில் ஊறவைத்துக் காலையில் கஞ்சி கொடுக்கிறேன். வெள்ளவத்தையில் முளைகட்டிய குரக்கன் மா மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதை வாங்க வேண்டுமா?

பதில்: வாங்கத் தேவையில்லை, ஆனால் வறுத்த மாவை ஊறவைப்பதையும் நிறுத்திவிடுங்கள், அதனால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை.

தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொள்வதால், அவற்றைக் குடலால் உறிஞ்ச முடிவதில்லை. அந்தப் பிடியை அறுப்பது தானியத்துக்குள்ளேயே இருக்கும் பைட்டேஸ் என்ற நொதியம். தானியம் முளைக்கும்போது அது பெருகுகிறது. மாவு சற்றுப் புளித்து வெதுவெதுப்பாக இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. தண்ணீர் இந்த நொதியத்துக்கு வேலை செய்ய இடம் கொடுக்கிறதே தவிர, தானாக அமிலத்தைக் கரைத்து வெளியேற்றிவிடுவதில்லை.

நம் வீடுகளில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அரிசிமாவை வறுத்தும் கோதுமை மாவை அவித்தும் வைப்பது நம் வழக்கம். குரக்கனையும் மணத்துக்காக வறுத்தே அரைக்கிறோம். அந்தச் சூட்டில் பைட்டேஸ் செயலிழந்துவிடுகிறது, அதன்பின் இரவு முழுதும் ஊறினாலும் அமிலத்தை உடைக்க அங்கே எதுவும் இல்லை. கடையில் வாங்கும் ஓட்ஸும் ஆலையிலேயே சூடாக்கப்படுவதால் அதே நிலையில்தான் இருக்கிறது. வீட்டில் வறுத்த மா மிச்சமிருந்தால் வீசிவிட வேண்டாம்: பத்துக் கரண்டி மாவுக்கு ஒரு கரண்டி வறுக்காத, அவிக்காத முழுக் கோதுமை மாவைச் சேர்த்து ஊறவையுங்கள். கோதுமையில் பைட்டேஸ் நிறைய உண்டு. வறுத்த மாவில் இல்லாததை அது கொடுக்கும். வெள்ளைக் கோதுமை மா இதற்கு உதவாது, ஏனெனில் நொதியம் அதிகம் இருக்கும் தவிட்டுப் பகுதி அதில் நீக்கப்பட்டிருக்கும்.

இனி, புதிதாகச் செய்யும் முறை. ஒரு கோப்பைக் குரக்கனைக் கல் அரித்துக் கழுவி, 12 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துப் பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் துணியோடு நல்ல தண்ணீரில் நனைத்தெடுங்கள். கொழும்பின் வெப்பத்தில் ஒரு நாளிலேயே முளை தெரியும். ஆனால் அப்போதே எடுத்துவிடாமல் இரண்டு நாள் விடுங்கள். மழை நாளில் துணி காற்றுப் படாமல் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். புளித்த மணம் அல்லாமல் மக்கல் மணம் வந்தாலோ, கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி தெரிந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள், கழுவிப் பயன்படுத்த முடியாது. நல்ல முளையை வெயிலில் காயவைத்து, கையால் தேய்த்து முளைவேரை நீக்கி, வறுக்காமல் அரைத்துச் சல்லடையில் அரித்தெடுங்கள். குரக்கனின் கபில நிறத் தோலில் தனின் என்ற இன்னொரு பொருளும் இரும்பைத் தடுக்கிறது. அதைப் பைட்டேஸால் உடைக்க முடியாது, சல்லடையில் தோல் குறைந்தால்தான் அதுவும் குறையும்.

இரவில் இந்த மாவில் மூன்று மேசைக்கரண்டியை ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, புளித்த தோசைமா ஒரு தேக்கரண்டி சேர்த்து மூடிவையுங்கள். காலையில் இலேசான புளிப்பு மணம் வந்திருக்க வேண்டும். நன்றாகக் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

கடை மாவைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. பொதியில் "முளைகட்டியது" என்று அச்சிடுவது எளிது. கைமாறி வரும் அந்தப் பொதியைப் பற்றிக் கேட்டால் எத்தனை மணி நேரம் முளைத்தது, எந்தச் சூட்டில் காய்ந்தது என்று விற்பவருக்கும் தெரியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சாதாரண மாவிலும் அந்த மாவிலும் ஒரே அளவில், ஒரே தண்ணீரில், மெதுவான தீயில் கஞ்சி காய்ச்சிப் பாருங்கள். முளைத்த தானியத்தில் மாப்பொருளை உடைக்கும் நொதியமும் பெருகியிருக்கும், எனவே அதன் கஞ்சி தெளிவாகவே நீர்த்துப்போகும். இரண்டும் ஒரேபோல் தடித்தால், மா முளைக்காததாக இருக்கலாம், அல்லது முளைத்தபின் கடுமையாக வறுக்கப்பட்டதாக இருக்கலாம். எது என்று உங்களால் சொல்ல முடியாதபோது மூன்று மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

பைட்டிக் அமிலம் பாதியாகக் குறைந்தால் துத்தநாகத்துக்கு ஓரளவு நன்மை கிடைக்கும். இரும்புக்கு அது போதாது, மிகப் பெரும்பகுதி போக வேண்டும். ஆகவே கஞ்சியுடன் ஒரு துண்டு கொய்யாப்பழமும் கொடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, எஞ்சிய அமிலம் இருக்கும்போதே இரும்பை உறிஞ்ச உதவும். பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள்.

பாணி மருந்தை இந்தக் கஞ்சி ஈடுசெய்யாது. மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பும் கிளினிக்குகளில் அதை எதனுடன் கொடுக்கக் கூடாது என்று சொல்ல ஒரு நிமிடம் கூட ஒதுக்கப்படாதது எனக்குப் பொறுக்கவில்லை. கஞ்சியுடனோ பாலுடனோ அதைக் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் முழுவதும் கொடுங்கள்.