ஸ்டென்ட்டா, டியூபா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. அடைபட்ட குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டை நாளைக்கே வைத்தால் சாப்பிடலாம் என்கிறார்கள். வைக்கலாமா, உணவு கொடுக்க டியூப் போடுவது நல்லதா?

பயாப்ஸி வந்த கையோடு ஸ்டென்ட் பேச்சு வந்திருப்பதால், ஸ்கேன் முழுதாக முடிந்திருக்காது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். முடிந்திருந்தால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நான் மருத்துவர் அல்லள். திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் மாமனாரை இந்த நோயோடு கடைசிவரை பார்த்துக்கொண்டவள். "அனுபவத்தை வைத்து வைத்தியம் சொல்லாதே" என்று பின்னூட்டம் இடப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, எதைக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லப்போகிறேன்.

மாமாவுக்கும் இதே நிலைதான். நெஞ்சின் நடுப்பகுதியில் கட்டி, எண்டோஸ்கோப் குழாய் அதைத் தாண்டி உள்ளே போகவில்லை. மதுரையில் நாங்கள் முதலில் போன ஒரு தனியார் மருத்துவமனையில், பயாப்ஸி முடிவைக் கையில் கொடுத்த அன்றே ஸ்டென்ட்டுக்குத் தேதி குறித்தார்கள். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் சி.டி. ஸ்கேனைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பசியோடு இருக்கும் மனிதரின் வீட்டாரிடம் "நாளைக்குச் சாப்பிடுவார்" என்று சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த புற்றுநோய் மருத்துவர் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாமல், குழாயிலும் அதைச் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளிலும் மட்டும் நிற்கிறது என்றால் அதைக் குணப்படுத்தப் பார்க்கலாம். வழக்கமான வழி, கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பிறகு அறுவை சிகிச்சை செய்வது. அந்த வழியில் போகிறவருக்கு முன்கூட்டியே உலோக ஸ்டென்ட் வைத்தால், சிகிச்சையில் கட்டி சுருங்கும்போது ஸ்டென்ட் பிடிமானம் இழந்து வயிற்றுக்குள் நழுவலாம்; அதன் விளிம்பு உரசிக் குழாயில் ஓட்டையோ ரத்தக்கசிவோ உண்டாகலாம்; அறுவை சிகிச்சையில் கட்டியை முழுமையாக எடுப்பதும் கடினமாகலாம். ஸ்டென்ட் விழுங்குவதற்கு வழிவிடுமே தவிர, நோயை ஒன்றும் செய்யாது.

பெட் ஸ்கேனில் மாமாவுக்கு நோய் பரவியிருக்கவில்லை. அதனால் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டார்கள். வயிற்றில் துளையிட்டு நேரே இரைப்பைக்குள் டியூப் வைக்கலாமே, மூக்கில் தொங்காதே என்று என் கணவர் கேட்டார். உணவுக்குழாயை எடுத்த பிறகு அந்த இடத்துக்கு இரைப்பையைத்தான் குழாய்போல நீட்டி மேலே இழுத்து இணைப்பார்கள், அதில் துளையும் தழும்பும் வேண்டாம் என்பது மருத்துவரின் பதில். நீண்ட நாள் டியூப் தேவைப்பட்டால் சிறுகுடலில் வைப்பது உண்டு. அதில் உணவை சிரிஞ்சால் ஒரேயடியாகத் தள்ளக் கூடாது, சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், இல்லையென்றால் வயிறு உப்பி வயிற்றுப்போக்குப் பிடிக்கும்.

டியூப் போட்டதும் நிறையக் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல நாள் அரைப்பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென முழு உணவு போனால், ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகும். அதனால் முதல் சில நாள்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே, தயாமின் என்ற வைட்டமினைக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி கொடுத்தோம். சத்துமாவுக் கஞ்சியைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சிரிஞ்சைக் கையால் அழுத்தாமல் உயர்த்திப் பிடித்து, தானாக இறங்க விடுவேன். ஒவ்வொரு முறையும் முடிவில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டியூப் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் கஞ்சியால் அன்று, சரியாகப் பொடிக்காத மாத்திரையால்தான். கொடுத்த பின் அரை மணி நேரமாவது தலையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும்.

பீடி குடித்துக் குடித்து மாமாவின் நுரையீரல் நலிந்திருந்ததால், இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையை அவர் தாங்கமாட்டார் என்று மயக்க மருத்துவர் சொல்லிவிட்டார். அறுவை இல்லாமல், கீமோவோடு 28 முறை கதிர்வீச்சு என்று திட்டம் மாறியது. மூன்றாவது வாரத்தில் தொண்டை முதல் நெஞ்சுவரை எரிச்சல் வந்து எச்சிலையே விழுங்க முடியாமல் போனது. நோய் முற்றிவிட்டது என்று ஊரே பேசியது. ஆனால் அது கதிர்வீச்சால் வந்த புண், சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறிவிட்டது. அந்த வாரங்களில் அவரை டியூப்தான் காப்பாற்றியது. பிறகு அதை எடுத்துவிட்டு, ஓராண்டுக்கு மேல் குழைந்த சோறு, ரசம், மீன்குழம்பு என்று வாயாலேயே சாப்பிட்டார்.

நோய் திரும்பி வந்தபோது ஈரலிலும் இருந்தது. எந்த ஸ்டென்ட்டை முதலில் வேண்டாம் என்றாரோ, அதே ஸ்டென்ட்டை இப்போது அதே மருத்துவர் பரிந்துரைத்தார். இனிக் குணப்படுத்த முடியாது, இருக்கும் மாதங்களில் டியூப் தொங்காமல் வாயால் சாப்பிடட்டும் என்பது நோக்கம். கதிர்வீச்சு பட்ட குழாய் என்பதால் வலியும் ரத்தக்கசிவும் கூடுதலாக வரலாம் என்று எச்சரித்துவிட்டே வைத்தார். முதல் சில நாள்கள் நெஞ்சுவலி கடுமையாகத்தான் இருந்தது, மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாளே "தாயி, ரசஞ்சோறு இறங்குது" என்று மாமா சொன்னார்.

ஸ்டென்ட்டுக்கும் எல்லை உண்டு. பசியை அது கொண்டுவராது, உடல் எடையும் ஏறவில்லை. பரோட்டா, இறைச்சித் துண்டு, நார் உள்ள கீரைத்தண்டு எதுவும் கூடாது. உட்கார்ந்து, மென்று, இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். விருந்தாளியாக வந்த உறவினர் ஒருவர் ஆசையாக ஊட்டிய கறித்துண்டு சிக்கிக்கொண்டு, அதை எண்டோஸ்கோப்பியில்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டி இரைப்பை வாயருகில் இருந்தால் அமிலம் மேலேறும், தலையை உயர்த்தித்தான் தூங்க வேண்டும். தண்ணீர் குடித்ததும் உடனே இருமல் வந்தால் தாமதிக்காமல் சொல்லுங்கள். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம், அதற்கு உறை போட்ட ஸ்டென்ட் வைப்பார்கள்.

கடைசியில் கட்டி ஸ்டென்ட்டின் மேல்விளிம்பைத் தாண்டி வளர்ந்தது. இன்னொரு ஸ்டென்ட்டும் மறுபடி டியூபும் பேச்சில் வந்தன. மாமா தெளிவாக இருந்தார், இரண்டையும் வேண்டாம் என்றார். விழுங்க முடியாததால் வலிக்கு மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையைக் கொடுத்தார்கள். பட்டினி போட்டுக் கொன்றோம் என்று பேசிய உறவினர்கள் உண்டு. முடிவெடுத்தவர் அவர், நாங்கள் அல்லர்.

எனவே நாளைக்கு மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "அப்பாவைக் குணப்படுத்தப் பார்க்கிறீர்களா, வேதனையைக் குறைக்கப் பார்க்கிறீர்களா, அதை எந்த ஸ்கேனை வைத்து முடிவுசெய்தீர்கள்?" ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால், ரைல்ஸ் டியூப் போட்டுக்கொண்டு எடுத்து முடிக்கும்வரை ஸ்டென்ட்டைத் தள்ளிப்போட முடியுமா என்றும் கேளுங்கள்.