பெட்டிப் பாலில் சர்க்கரை கலந்திருக்கிறார்களா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். மழையில் மலைப்பாதை அடைபட்டால் பாக்கெட் பால் வராதே என்று மே மாதமே ஆறு அட்டைப்பெட்டிப் பால் வாங்கி, சமையலறையில் ஃபிரிட்ஜ் மேலே அடுக்கி வைத்தோம். வாங்கிய வாரமே ஒன்றைப் பிரித்தபோது ஒரு மாதிரி காய்ச்சிய வாடை அடித்தது. செப்டம்பரில் பிரித்த பெட்டியில் அந்த வாடை இல்லை, ஆனால் பால் இனிக்கிறது, நிறமும் லேசாக மங்கியிருக்கிறது. சர்க்கரை கலந்திருக்கிறார்கள் என்கிறார் மாமியார். இன்னும் நான்கு பெட்டி இருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? — ஒரு வாசகி

பதில்: சர்க்கரை கலக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பெட்டிப் பாலையும் சாதாரண பாக்கெட் பாலையும் தனித்தனி டம்ளரில் ஊற்றி, இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் சோதனை வீண், ஏனென்றால் நாக்கு வெதுவெதுப்பில் இனிப்பைக் கூடுதலாக உணரும். இப்போது மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிலும் ஒரு வாய் குடியுங்கள். மாமியாரையும் உட்கார வையுங்கள். மூக்கைப் பிடித்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, விரலை எடுத்ததும் பெட்டிப் பால் மட்டும் ‘இனிக்க’ ஆரம்பித்தால், அந்த இனிப்பு நாக்கில் இல்லை, மூக்கில் இருக்கிறது. சர்க்கரை கலந்த பால் என்றால் மூக்கை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் இனிக்கும்.

பாலில் இயற்கையாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை நூறு மில்லிக்கு 5 கிராம் அளவில் இருக்கிறது. ஆனால் அது சோம்பேறிச் சர்க்கரை. நாம் டீயில் போடும் சர்க்கரையின் இனிப்பில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்குதான் தேறும். 200 மில்லி டம்ளரில் 10 கிராம் லாக்டோஸ் இருந்தும், அரை டீஸ்பூன் சர்க்கரை போட்ட அளவுக்குக்கூட இனிக்காது. பாலைக் காய்ச்சினால் லாக்டோஸ் கூடிவிடுவதில்லை, சொல்லப்போனால் துளி குறையும். கொஞ்சம் லாக்டோஸ் வெப்பத்தில் உருமாறி லாக்டுலோஸ் ஆகிறது. மலச்சிக்கலுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சிரப் இருக்கிறதே, அதே பொருள்தான். லாக்டோஸைவிட இது இனிப்பு என்றாலும், பெட்டிப் பாலில் நூறு மில்லிக்குச் சில பத்து மில்லிகிராம்தான் உண்டாகும். நாக்குக்கு அது எட்டாது.

அப்படியானால் உங்கள் இரண்டு பெட்டிகளிலும் நடந்தது என்ன? நீங்கள் இரண்டு வாசனைகளைச் சரியாகவே பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று போகிற வாசனை, இன்னொன்று வருகிற வாசனை.

முதல் பெட்டியின் காய்ச்சிய வாடைக்கும் லாக்டோஸுக்கும் சம்பந்தம் இல்லை. அது பாலின் புரதத்திலிருந்து வருவது. பால் திரியும்போது பிரிகிற தெளிநீரில் தங்கும் வகைப் புரதம் ஒன்று 75 டிகிரியைத் தாண்டியதும் சுருள் பிரிகிறது. உள்ளே மறைந்திருந்த கந்தகம் வெளிப்பட்டு, அதிலிருந்து மிகச் சிறிய அளவில் கந்தக வாயுக்கள் கிளம்புகின்றன. அவித்த முட்டையை உரிக்கும்போது வருமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். வீட்டில் பாக்கெட் பாலைக் காய்ச்சி இறக்கியதும் ஆடையோடு சேர்ந்து வரும் வாசனையிலும் இது உண்டு. நமக்கு அது பழகிய வாசனை என்பதால் குறை சொல்வதில்லை. பெட்டிப் பாலை ஆலையில் 135 டிகிரிக்கு மேல், சில நொடிகள் மட்டும் சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். அதனால் புதிதாக வந்த பெட்டியில் இந்த வாடை தூக்கலாக இருக்கும். பாலில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மெல்ல அதைத் தின்றுவிடும். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது பெட்டியில்தான் லாக்டோஸ் வருகிறது. லாக்டோஸ் ஒரு முனையில் பாலின் புரதத்தோடு, குறிப்பாக லைசின் என்ற அமினோ அமிலத்தோடு, ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது உடைந்து, மறுபடி சேர்ந்து, கடைசியில் பழுப்பு நிறமும் மால்டால் போன்ற மணப்பொருள்களும் உண்டாகின்றன. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் பெயரால் மெயிலார்ட் வினை என்பார்கள். தோசை முறுகுவதும், திரட்டுப்பால் நிறம் மாறுவதும் இதனால்தான். பலரும் இதைச் சர்க்கரை கருகுவது என்று நினைக்கிறார்கள். லாக்டோஸ் தனியாகக் கருக 200 டிகிரி பக்கம் போக வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை பால் அந்தச் சூட்டைப் பார்க்கவே பார்க்காது, பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் காய்ந்த படலத்தைத் தவிர. மால்டாலுக்குச் சுட்ட சர்க்கரையின் மணம். பால்கோவா, மிட்டாய், பாயசம் என்று நாம் சாப்பிட்ட இனிப்புகளில் எல்லாம் அந்த மணம் இருந்திருக்கிறது. அதனால் மணம் வந்த உடனே மூளை இனிப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறது. மூக்கைப் பிடித்தால் அந்தக் கணக்குக் கலைந்துவிடும்.

அந்த சில நொடிச் சூட்டில் தொடங்கிய இந்த வினை, பெட்டியை மூடிய பிறகும் நிற்பதில்லை. இருக்கும் இடத்தின் சூட்டுக்கு ஏற்ப நடந்துகொண்டே இருக்கும். 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகும். இங்கேதான் ‘குன்னூர் குளிர்தானே’ என்ற நம்பிக்கை உங்களைக் கைவிட்டிருக்கிறது. நீங்கள் மே மாதம் வாங்கிய பெட்டி, அதற்கு முன் ஏப்ரல் வெயிலில் கீழே ஏதோ ஒரு தகரக் குடோனில் கிடந்திருக்கலாம், மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் வெந்துகொண்டே ஏறியிருக்கலாம். அப்புறம் நீங்கள் வைத்த இடம் ஃபிரிட்ஜ் மேலே. உள்ளே இருந்து எடுத்த சூட்டை ஃபிரிட்ஜ் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது, அது மேலேதான் எழும்பும். சமையலறைச் சூடும் அங்கேதான் தங்கும். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடத்தில் நான்கு மாதம் வைத்திருக்கிறீர்கள். அதே பெட்டி தரையோரம், வெளிச்சுவர்ப் பக்க அலமாரியில் இருந்திருந்தால் இவ்வளவு மாறியிருக்காது.

மலை வீட்டில் இந்த வித்தியாசம் தூக்கலாகத் தெரிய இன்னொரு காரணமும் உண்டு. 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர், அங்கே பால் 94 டிகிரியிலேயே பொங்கிவிடும். ஊட்டியில் 93-ஐத் தொடுவதே கஷ்டம். அதனால் கோயம்புத்தூரில் ஒரு மணி நேரம் சுண்டக் காய்ச்சினால் வரும் நிறத்துக்கு, ஊட்டியில் ஒன்றரை மணி நேரமாவது அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் நாக்குக்குப் பழகியது இந்த வெள்ளையான, மென்மையாக வெந்த பால். அதன் பக்கத்தில் 135 டிகிரி கண்ட, பிறகு மாதக்கணக்கில் வெதுவெதுப்பில் ஊறிய பாலை வைத்தால் சட்டென்று தெரியத்தான் செய்யும்.

(பஸ் ஸ்டாண்ட் டீக்கடைப் பால் இனிப்பது கொஞ்சம் வேறு கதை. காலையில் ஏற்றிய ஒரு லிட்டர் கொதித்துக் கொதித்து 750 மில்லி ஆகும்போது, 5 சதவீத லாக்டோஸ் ஆறரை சதவீதத்துக்கு மேல் போகிறது. அங்கே மணத்தோடு நிஜ இனிப்பும் கொஞ்சம் கூடுகிறது.)

இனி கடைக்கு வருவோம். பெட்டியின் பக்கவாட்டில் சத்து அட்டவணை இருக்கும். மொத்தச் சர்க்கரை நூறு மில்லிக்கு 5 கிராம் அளவில் இருந்து, சேர்க்கப்பட்ட சர்க்கரை 0 என்று போட்டிருந்தால் அது வெறும் பால்தான். ‘லாக்டோஸ் இல்லாதது’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வகையில் லாக்டோஸை நொதி கொண்டு குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரித்திருப்பார்கள். அது மூக்கைப் பிடித்தாலும் இனிக்கும், பழுப்பும் சீக்கிரம் ஏறும், கலப்படமும் அல்ல.

தேதிக்குள் இருக்கிறது, பெட்டி உப்பவில்லை, பால் திரியவில்லை என்றால் இந்த இனிப்பு மணத்துக்காகப் பணம் திருப்பிக் கேட்பது எடுபடாது. அதுவும் நான்கு மாதம் உங்கள் ஃபிரிட்ஜ் மேலே இருந்த பிறகு. குடிப்பதால் கெடுதல் இல்லை, லைசின் கொஞ்சம் வீணாகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் மீதிப் பெட்டிகளில் ஏதாவது உப்பியிருந்தாலோ, புளித்த அல்லது கசப்பான ருசி இருந்தாலோ, ஜெல்லி மாதிரி கட்டியிருந்தாலோ அது வேறு. பில், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

அடுத்த முறை வாங்கும்போது கெடு தேதியைவிடத் தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். நான் ஒருமுறை ஊட்டியில் கெடு தேதிக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்று திருப்தியாக ஒரு பெட்டி வாங்கினேன். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் நின்ற பெட்டி அது. வீட்டில் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால், பக்கத்தில் இருந்த பாக்கெட் பாலுக்கு முன் பழைய வேட்டி மாதிரி இருந்தது. தயாரித்து இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பெட்டியாக, அடுக்கின் உள்ளே இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள்.

இருக்கிற நான்கையும் இன்றே ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கிவிடுங்கள். வெறும் பாலாகக் குடிக்க உங்களுக்குப் பிடிக்காது. சேமியா பாயசத்துக்கு எடுங்கள். பாதி சுண்டிய மணம் அதில் ஏற்கனவே இருப்பதால், 94 டிகிரி அடுப்பில் நீங்கள் நிற்கும் நேரம் கொஞ்சம் மிச்சமாகும்.