ரிலேயைத் திருகி வைத்தால் மோட்டார் பிழைக்குமா?

"பூதப்பாண்டி பக்கம் எங்கள் விளையில் கிணற்றுக்கு 10 எச்.பி. மோனோபிளாக். பிளேட்டில் 15 ஆம்ப்ஸ். மழை ஓய்ந்து போட்டபோது, ஓடி இரண்டு நிமிடத்தில் ட்ரிப் ஆனது. மெக்கானிக் பெரிய ரிலே மாட்டி 14-இல் வைத்தார். இப்போது ட்ரிப் இல்லை, கருகிய வாடை வருகிறது. 15-க்குக் கீழேதானே இருக்கிறது?"

முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். அந்த 14 தப்புக் கணக்கு.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ரிலேயின் அடியிலிருந்து மூன்று ஒயர் நேரே மோட்டாருக்குப் போகிறது. அப்படியானால் ரிலே வழியே லைன் கரண்ட் முழுதும் போகாது, அதில் 58 சதவீதம்தான் போகும். 15-ஐ 0.58-ஆல் பெருக்கினால் 8.7. அங்கேதான் வைக்க வேண்டும். 14-இல் வைத்தால் லைனில் 24 ஆம்ப்ஸ் போனாலும் ரிலே சும்மா இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. சில ஸ்டார்ட்டரில் ரிலே உள்ளே வரும் லைனிலேயே இருக்கும். அங்கே முழு 15. படத்தை மட்டும் நம்ப வேண்டாம். புது ஆள் வந்ததும், மோட்டார் டெல்டாவில் ஓடும்போது, உள்ளே வரும் ஒயரிலும் ரிலே ஒயரிலும் டாங் டெஸ்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றானால் 15. ரிலேயில் குறைந்தால் 8.7. இதைச் செய்யாமல் திருப்புளியைக் கையில் எடுப்பவரை வாசலோடு அனுப்புங்கள். காயில் கருகினால் கட்டக் கொண்டுபோகும் கடையில் அவருக்கும் பங்கு இருக்கலாம்.

ஸ்டார்ட் ஆகும்போது ட்ரிப் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். டெல்டாவில் நேரே போட்டால் இந்த மோட்டார் ஆறு மடங்கு, அதாவது 90 ஆம்ப்ஸ் இழுக்கும். ஸ்டாரில் 30 தான். பம்ப் சில வினாடியில் வேகம் பிடித்துவிடும். ரிலேக்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைய நேரம் வேண்டும், அதனால் இதைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் ஓடி ட்ரிப் ஆனால் ஓட்டத்திலேயே கரண்ட் கூடுதல்: பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு, அல்லது பம்ப் இறுக்கம். வோல்டேஜுக்கு எழுதிக் கொடுத்தால் ரசீது வரும், ஆள் வரமாட்டார். அதனால் பம்பைப் பாருங்கள். மெயினை இறக்கி, ஃபேன் மூடியைக் கழற்றி, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். மழை மாதங்களில் சும்மா கிடந்த இம்பெல்லர் துருப்பிடித்து உரசும்.

அது முழுதாகப் பிடித்துக்கொண்டால்தான் ஆபத்து. டெல்டாவுக்கு மாறியதும் 90 ஆம்ப்ஸ் இறங்காமல் நிற்கும். 8.7-இல் இருக்கும் கிளாஸ் 10 ரிலே சுமார் பத்து வினாடியில் விழும். 14-இல் இருந்தால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ரோட்டார் நின்றபடி மோட்டார் எத்தனை வினாடி தாங்கும் என்று கம்பெனியின் டேட்டா ஷீட்டில் இருக்கும், சூடான நிலைக்கு உள்ளதைப் பாருங்கள். அது 15 வினாடி என்றால், 14-இல் வைத்த ரிலே விழுவதற்குள் காயில் போய்விடும்.

பழைய ரிலே இருந்தால் கேட்டு வாங்கி மாட்டுங்கள். ரீசெட்டை ஆட்டோவில் விடாதீர்கள், கையால் அமுக்கும்படி இருக்கட்டும்.