ஸ்லைடில் இருக்கும் டீ கோப்பையில் எந்த வழி எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது?

கேள்வி: வெப்பப் பரிமாற்றம் ஸ்லைடில் ஒரு சூடான டீ கோப்பையைப் போட்டு, கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். தனித்தனியாகப் படித்தால் புரிகிறது. ஒரே கோப்பையில் எது எங்கே நடக்கிறது, எது அதிகம் என்று டீயை வைத்தே யாராவது விளக்க முடியுமா?

பதில்:

அந்தப் படத்தில் மூன்று அம்புகளும் ஒரே நீளத்தில் இருக்கும், மூன்றுமே டீயிலிருந்து நேராக வெளியே கிளம்பும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பக்கச் சுவர் வழியாக வெளியேறும் வெப்பம் இந்த மூன்றையும் வரிசையாகச் சந்திக்கிறது. முதலில் டீக்குள் சலனம், அடுத்து சுவருக்குள் கடத்தல். சுவரின் வெளிப்பக்கம் வந்த பிறகுதான் காற்றின் சலனம் ஒரு பங்கும் கதிர்வீச்சு மறு பங்குமாகப் பிரிகிறது.

ஒரு கோப்பையை எடுத்துக் கணக்குப் போடலாம். 200 மி.லி. டீ, 80°C. கோப்பையின் விட்டம் 7 செ.மீ., டீ நிற்கும் உயரம் 5 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், 4 மி.மீ. தடிமனான பீங்கான் சுவர். அறை 25°C, மின்விசிறி ஓடவில்லை. கீழே வரும் எண்கள் எல்லாம் தோராயம்தான், ஆனால் எது பெரிது எது சிறிது என்ற வரிசை மாறாது.

சுவரை ஒட்டியிருக்கும் டீ சற்றுக் குளிர்ந்து, அடர்த்தி கூடிக் கீழே இறங்குகிறது. நடுவில் இருக்கும் சூடான டீ அந்த இடத்துக்கு வருகிறது. யாரும் கலக்காமலே இது நடப்பதால் கோப்பை முழுக்க வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சுவருக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

அடுத்து சுவர். பக்கவாட்டுப் பரப்பு சுமார் 115 சதுர செ.மீ. அதன் வழியாக ஏறக்குறைய 8.5 வாட் வெளியேறுகிறது. பீங்கானின் வெப்பக் கடத்துத்திறன் 1.5 வாட்/மீட்டர்·கெல்வின் என்று வைத்தால், இந்த 8.5 வாட்டைக் கடத்த சுவரின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும். ஆக, வெளிச்சுவர் 75°C அளவில் நிற்கிறது. மிச்சமிருக்கும் 50 டிகிரி இறக்கம் முழுவதும் சுவருக்கு வெளியேதான். அகலமான வாசலைத் தாண்டி வந்த கூட்டம் குறுகலான வாசலில் தேங்கி நிற்பது போல, வெப்பம் தேங்குவது காற்றுப் பக்கத்தில்.

அதனால் பீங்கானுக்குப் பதில் எவர்சில்வர் கோப்பை வைத்தால் டீ மிக வேகமாக ஆறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எவர்சில்வரின் கடத்துத்திறன் பத்து மடங்கு அதிகம்தான், ஆனால் அதனால் மிச்சமாவது அந்த 2 டிகிரி மட்டுமே. சரி, அப்புறம் ஏன் அது கையைச் சுடுகிறது? தொட்டவுடன் காற்று இருந்த இடத்துக்கு விரல் வந்துவிடுகிறது. விரல் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை வாங்கும். குறுகலான வாசல் போய்விட்டதால் இப்போது சுவர் எதனால் ஆனது, எவ்வளவு தடிமன் என்பது முக்கியமாகிறது. கடத்தலுக்கு ஸ்லைடில் கோப்பையைப் பிடித்த கையை வரைவது சரியான தேர்வுதான். காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வெளிச்சுவரில் அந்த 8.5 வாட் எப்படிப் பிரிகிறது? சுவரை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறுவதால் சுமார் 4.5 வாட். மீதி 4 வாட் கதிர்வீச்சு. பலர் கதிர்வீச்சு என்றால் சூரியன், நெருப்பு என்று நினைத்து இங்கே அதைச் சுழியமாக்கிவிடுவார்கள். நீங்களே போட்டுப் பாருங்கள்:

q = εσ(T₁⁴ − T₂⁴)

இதில் ε என்பது பரப்பின் உமிழ்திறன், σ என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் மாறிலி, 5.67 × 10⁻⁸ வாட்/மீட்டர்²·கெல்வின்⁴. சுவர் T₁ = 348 K, அறை T₂ = 298 K, ε = 0.9 என்றால் சதுர மீட்டருக்கு 345 வாட் வரும். வெப்பநிலையை செல்சியஸில் போட்டுவிட்டால் விடை முற்றிலும் தவறாகிவிடும், ஜாக்கிரதை.

இன்னொரு விஷயம். கறுப்பு அதிகமாகக் கதிர்வீசும், வெள்ளை குறைவாக வீசும் என்ற வாக்கியத்தை இந்தக் கோப்பைக்குப் பொருத்தாதீர்கள். 75°C பொருளிலிருந்து வரும் கதிர்வீச்சின் உச்சம் சுமார் 8 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், அதாவது அகச்சிவப்பில் இருக்கிறது. அங்கே வெள்ளைப் பீங்கானும் கறுப்புப் பீங்கானும் ஏறக்குறைய ஒன்றே. பளபளப்பான உலோகம்தான் உண்மையில் குறைவாக வீசும். பக்கவாட்டில் இரண்டு மூன்று செ.மீ. தள்ளிக் கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று சுவரை ஒட்டியே மேலே போய்விடுவதால், அங்கே கையில் படுவது பெரும்பாலும் கதிர்வீச்சுதான். பீங்கானுக்குப் பக்கத்தில் இதமாக இருக்கும். பளபளக்கும் எவர்சில்வருக்குப் பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது, தொட்டால்தான் சுடும்.

இதுவரை சொன்னது பக்கச் சுவரை மட்டும். மேற்பரப்பு வெறும் 38 சதுர செ.மீ. அங்கே சலனமும் கதிர்வீச்சும் சேர்ந்து 3 வாட்கூட வராது. ஆனால் டீ வேகமாக ஆறுவதற்கு முக்கியக் காரணம் அங்கேதான் இருக்கிறது: ஆவியாதல். இந்தச் சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2,300 ஜூல் வேண்டும், அது டீயிலிருந்தே போகிறது. ஆரம்பத்தில் இந்த வழியில் மட்டும் 14 வாட் அளவுக்கு இழப்பு. அடிப்பகுதி மேசைக்குக் கொடுப்பதைத் தள்ளிவைத்தால், மொத்த இழப்பில் பாதிக்கு மேல் இதுதான். ஸ்லைடில் மேலே எழும் ஆவிக்குப் பக்கத்தில் 'சலனம்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குப் பிடிக்காத இடம். காற்றோட்டம் ஆவியைத் தூக்கிக்கொண்டு போகிறது, அதுவரை சரி. ஆனால் போகும் வெப்பத்தில் பெரும்பகுதி அந்த ஆவியின் உள்ளுறை வெப்பம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கிராம் வரை காட்டும் தராசில் கோப்பையை வைத்துப் பத்து நிமிடம் விட்டால் 2 அல்லது 3 கிராம் குறையும். 3 கிராம் என்றால் 6,900 ஜூல். 200 கிராம் டீயின் வெப்பநிலையை 8 டிகிரி குறைக்க அதுவே போதும். இன்னும் தெளிவான சோதனை வேண்டுமானால், ஒரே மாதிரி இரண்டு கோப்பைகளில் வெந்நீர் ஊற்றி, ஒன்றின் மேல் பரப்பு முழுக்க மூடும்படி ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் ஆவியைத்தான் தடுக்கும். மெல்லிய படலம் என்பதால் வெப்பம் அதைத் தாண்டிக் காற்றுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டு வெப்பமானிகளுக்கும் இடையே வரும் வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் ஆவியாதலுடையது. மூடி போட்டுப் பார்த்தால் இப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் மூடி மேற்பரப்பின் காற்றோட்டத்தையும் சேர்த்தே தடுத்துவிடும்.

ஆய்வகத்தில் டீயை வைத்து நியூட்டனின் குளிர்தல் விதியைச் சரிபார்க்கச் சொன்னால் இது நேராகக் கை கொடுக்கும். 80°C-யிலிருந்து 45°C-க்கு வரும்போது அறையோடு உள்ள வித்தியாசம் 55-லிருந்து 20 டிகிரியாக, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகிறது. ஆனால் ஆவியாதலைத் தள்ளும் நீராவி அழுத்த வித்தியாசம் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் திறந்த கோப்பைக்கு, வெப்பநிலை வித்தியாசத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால், நேர்கோடு வராமல் ஆரம்பத்தில் செங்குத்தாக இறங்கிப் பிறகு வளையும். எண்ணெய் விட்ட கோப்பைக்கு வரைந்தால் கோடு எவ்வளவோ நேராக வரும்.