"ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார்" என்று திரும்பி வராத கருத்துகளை எழுதுவது எப்படி?

கேள்வி: நான் சென்னையில் ஒரு திட்ட மேலாண்மை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இரண்டு பேஸ்மென்ட் கொண்ட ஓர் அலுவலகக் கட்டடத்தின் டெண்டர் வரைபடங்களைப் பார்த்து, கட்டுவதில் வரக்கூடிய சிக்கல்களைப் பற்றி 43 கருத்துகள் எழுதிக் கொடுத்தேன். அவற்றில் 30-க்கும் மேல் "ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார்" என்ற பதிலுடன் வடிவமைப்பாளரிடமிருந்து திரும்பிவிட்டன. மண் தாங்கும் பைல், ஸ்ட்ரட், பேஸ்மென்ட் சுவர் ஆகியவற்றில்தான் எனக்கு உறுத்தல் அதிகம். வெட்டுப்படத்தையும் இணைத்துள்ளேன். நான் எங்கே தவறுகிறேன்?

பதில்:

உங்கள் கருத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பதில் நியாயமானதுதான். ஷட்டரிங் பிளைவுட்டா எஃகா, கம்பி வளைக்கும் இடம் எங்கே, எத்தனை பம்ப் என்பவையெல்லாம் ஒப்பந்ததாரரின் உரிமைக்குள் வருபவை; அவற்றை டெண்டருக்கு முன் வடிவமைப்பாளரிடம் கேட்டால் அவர் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? மீதி அப்படிப்பட்டவை அல்ல. கட்டும் வரிசையை மாற்றினால் நிரந்தரக் கட்டமைப்பின் அளவோ, கம்பியோ, மட்டமோ, டெண்டர் அட்டவணையில் ஓர் இனமோ மாறவேண்டியிருக்கிறது என்றால், அதைத் தீர்க்கவேண்டியவர் வடிவமைப்பாளர்தான். இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து அனுப்பியதால் கனமானவையும் லேசானவற்றோடு சேர்ந்து திரும்பிவிட்டன. உங்கள் வெட்டுப்படத்திலேயே இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு வேறுபாட்டைக் காட்டுகிறேன்.

வரைபடத்தின்படி தரைமட்டம் 0.0; மேல் பேஸ்மென்ட் தளத்தின் மேற்பரப்பு -3.6 மீட்டர், அடித்தளப் பலகையான ராஃப்ட்டின் அடி -7.9 மீட்டர்; அதன் அடியில் படுக்கைக் கான்கிரீட்டுக்காக -8.0 வரை தோண்டவேண்டும். சுற்றிலும் 600 மி.மீ. விட்ட பைல்கள், அவற்றைத் தாங்க -3.3 மட்டத்தில் குழியின் குறுக்கே தற்காலிகமாக முட்டுக்கொடுக்கும் ஒரே வரிசை ஸ்ட்ரட், பைல் முகத்திலிருந்து 400 மி.மீ. இடைவெளி விட்டு 300 மி.மீ. கனமுள்ள பேஸ்மென்ட் சுவர், சுவரின் வெளிமுகத்தில் நீர்த்தடுப்புச் சவ்வு. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியே. கட்டும் வரிசையில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்கும்போதுதான் முட்டல் தெரிகிறது.

பைல் போட்டு, -3.8 வரை தோண்டி, ஸ்ட்ரட் பொருத்தி, பிறகு அடிவரை தோண்டி, ராஃப்ட் போட்டு, கீழ்ச் சுவரை ஏற்றி, -3.6 தளத்தைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரட் 400 மி.மீ. உயரமுடையது என்றால் அதன் அடி -3.5-இல் இருக்கும், தளத்துக்கும் அதற்கும் நடுவே வெறும் 100 மி.மீ. ஆனால் சுவரின் 16 மி.மீ. நிலைக்கம்பி அடுத்த அடுக்குக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கவேண்டிய நீளம், எம்30 கான்கிரீட்டில் ஏறத்தாழ 725 மி.மீ. தூணின் 32 மி.மீ. கம்பிக்கு அதே கணக்கில் 1,450 மி.மீ. வருகிறது; உங்கள் பிளானில் மூன்று ஸ்ட்ரட்கள் தூண் வரிசையின் மேலேயே ஓடுகின்றன. அங்கே கம்பி எங்கே நிற்கும்? வளைத்து வைத்துப் பின்னால் நிமிர்த்துவார்கள், அல்லது வெட்டிவிட்டு வேதிப்பசையில் புதிதாக நடுவார்கள். தளத்தில் இரவு 11 மணிக்கு எடுக்கப்படும் முடிவாக அது இருக்கும்.

ஸ்ட்ரட்டை முதலில் கழற்றிவிட்டுத் தளம் போடலாமே என்று பதில் வரும். முடியாது. ஸ்ட்ரட் தாங்கும் மண்ணின் தள்ளலை அதற்குப் பின் தாங்கப்போவது அந்தத் தளம்தான்; ஆகவே தளம் போட்டு வலுப்பெற்ற பின்பே ஸ்ட்ரட்டைக் கழற்றலாம். இங்கேதான் இரண்டாவது, முதலாவதைவிடப் பெரிய முட்டல் இருக்கிறது. தளம் சுவரைத் தொடுகிறது, சுவர் பைலைத் தொடவில்லை. நடுவில் 400 மி.மீ. வெற்றிடம். ஸ்ட்ரட்டைக் கழற்றிய நிமிடத்தில் பைல் எதன்மேல் சாயும்? அந்த இடைவெளியைக் கான்கிரீட்டால் அடைக்கவேண்டும். அப்படியானால் சவ்வு ஒட்டிக் காப்பும் கொடுத்து முடித்திருக்கவேண்டும். அதற்கு ஒரு மனிதர் அந்த இடைவெளிக்குள் இறங்கவேண்டும். பைல்கள் நேராக இருந்தாலும் 400 மி.மீ.-இல் தோளைத் திருப்பி வேலைசெய்வது கடினம். பைல் வேலையில் ஏற்கப்படும் சாய்வு 1.5 சதவீதம், 8 மீட்டர் ஆழத்தில் அது 120 மி.மீ. ஆகிறது. பைல் உள்பக்கம் சாய்ந்த இடத்தில் இடைவெளி 280 மி.மீ. வெளிப்புற ஷட்டரைக்கூட எடுக்க வழியில்லை.

என் அனுபவத்தில் இதே அமைப்புள்ள ஒரு கட்டடத்தில் ஸ்ட்ரட்டை அப்படியே விட்டுச் சுவரில் அதைச் சுற்றிப் பெட்டி ஓட்டை விட்டுக் கான்கிரீட் போட்டார்கள். பிறகு ஓட்டைகளை அடைத்தார்கள். முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே பெரும்பாலான ஓட்டைகளின் விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்தது. எந்த எண் ஸ்ட்ரட் எங்கே இருந்தது என்று சுவரின் ஈரத்தைப் பார்த்தே சொல்லமுடிந்தது.

இதற்குத் தீர்வுகள் இரண்டு. இடைவெளியை 900 மி.மீ. ஆக்கலாம். உங்கள் பேஸ்மென்ட்டின் சுற்றளவு 140 மீட்டர் என்பதால் ஒவ்வொரு தளத்திலும் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் போய்விடும். கார் நிறுத்தக் கணக்கு வைத்திருக்கும் உரிமையாளர் இதற்கு எளிதில் இணங்கமாட்டார். அல்லது இடைவெளியையே நீக்கி, பைல் முகத்தைச் சமன்செய்து, முன்கூட்டியே விரித்துக் கான்கிரீட்டோடு ஒட்டிக்கொள்ளும் வகைச் சவ்வைப் போட்டு, ஒருபக்க ஷட்டரில் சுவரை நேரடியாகப் பைலோடு சேர்த்து வார்க்கலாம். தள்ளலும் தளத்துக்கு நேரே போய்ச் சேரும், இடமும் கூடும். நான் இருந்தால் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஆனால் சவ்வின் வகை, பைல் முகத்தைச் சமன்செய்யும் வேலை, சாய்ந்த பைலைச் செதுக்கும் வேலை ஆகிய மூன்றும் டெண்டர் அட்டவணையில் தனி இனங்களாக ஏறவேண்டும்.

ஸ்ட்ரட் மட்டத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். -2.4-க்கு உயர்த்தினால் அடியில் 1.0 மீட்டர் கிடைக்கும். சுவர்க்கம்பி நிமிர்ந்து நிற்கும். தூண் கம்பிக்கு அது போதாது என்பதால் ஸ்ட்ரட்களைத் தூண் வரிசையிலிருந்து விலக்கி நடுவிடத்துக்குத் தள்ளவேண்டும். உயர்த்துவதற்கு ஒரு விலை உண்டு: ஸ்ட்ரட்டிலிருந்து தோண்டும் அடிவரை பைல் தாங்கவேண்டிய நீளம் 4.7 மீட்டரிலிருந்து 5.6 மீட்டராகிறது, அதற்குப் பைலின் கம்பியை மறுபடி கணக்கிடவேண்டும். இந்த ஒரு வாக்கியம் உங்கள் கருத்தில் இருந்திருந்தால் "ஒப்பந்ததாரர் பார்த்துக்கொள்வார்" என்று எழுத அவருக்கு இடமே இருந்திருக்காது.

இன்னொன்று, நீங்கள் குறிப்பிடாதது. வடக்குச் சுவரை ஒட்டிக் கார் இறங்கும் சரிவு 25 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அங்கே -3.6 மட்டத்தில் தளமே இல்லை. மற்ற மூன்று பக்கங்களிலும் தளம் ஏற்கும் தள்ளலை அங்கே எதுவும் ஏற்காது. ஒன்று, சரிவுத் தளம் முடியும்வரை அந்தப் பக்க ஸ்ட்ரட்கள் நிற்கவேண்டும். அல்லது திறப்பின் ஓர உத்தரத்தையும் அதற்கும் சுவருக்கும் இடையிலான தாங்கலையும் கிடைமட்டச் சுமைக்கு வடிவமைக்கவேண்டும்.

நீர் இறைப்பது பற்றிய உங்கள் 17-ஆம் கருத்து சரியான இடத்தைத் தொட்டு, பாதியில் நின்றுவிட்டது. "ராஃப்ட் முடிந்ததும் நீர் இறைப்பதை நிறுத்தலாம்" என்ற வரைபடக் குறிப்பு "சரியா என்று பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்களே பார்த்துச் சொல்லியிருக்கலாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் -1.5 வரை ஏறும் என்று மண் அறிக்கை சொல்கிறது. ராஃப்ட் அடியில் 6.4 மீட்டர் நீர். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 6.4 டன் மேல்தள்ளல். 1.2 பாதுகாப்பு விகிதத்துடன் எதிர்க்க 7.7 டன் எடை வேண்டும். 900 மி.மீ. ராஃப்ட் 2.25 டன், பேஸ்மென்ட் தளமும் தரைத்தளமும் தலா 1 டன், சுவர்களைப் பரப்பில் பகிர்ந்தால் 0.6 டன். கூட்டினால் ஐந்துக்குள்தான். மேல்தளம் ஒவ்வொன்றும் 0.9 டன் என்றால் தரைத்தளத்துக்கு மேல் நான்கு தளங்கள் ஏறும்வரை பம்ப் ஓடவேண்டும். கோபுரம் மேலே எழாத பகுதியில் அதுவும் போதாது. அங்கே இழுவிசை பைல் வேண்டுமா என்பதே கேள்வி. நீர் இறைப்பு டெண்டரில் மொத்தத் தொகையாக இருப்பதால், குறிப்பை நம்பி நான்கு மாதத்துக்கு விலை போட்டவர் பத்தாம் மாதத்தில் கூடுதல் தொகை கேட்டு நிற்பார். பம்ப் குழாய் ராஃப்ட்டைத் துளைக்கும் இடத்தில் நீர்த்தடுப்பு விளிம்புடன் கூடிய குழாய்த்துண்டு வரைபடத்தில் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மண் அள்ளும் வாகனம் குழிக்குள் இறங்கும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழுக்கு ஒன்று என்ற சரிவில் 8 மீட்டர் ஆழத்துக்கு 56 மீட்டர் நீளம் வேண்டும். உங்கள் மனையின் நீண்ட பக்கமே 46 மீட்டர்தான். கடைசி மண்ணை மேலிருந்துதான் அள்ளவேண்டும். எப்படி அள்ளுவது என்பது ஒப்பந்ததாரர் பாடு. ஆனால் ராஃப்ட் ஏறத்தாழ 1,045 கன மீட்டர், 6 கன மீட்டர் வண்டியில் 175 நடை. ஒரே வார்ப்பில் முடிப்பது கடினம் என்பதால் கட்டுமான இணைப்பு எங்கே வரலாம், அங்கே எந்தக் கம்பி, எந்த நீர்த்தடுப்புப் பட்டை என்பதை வடிவமைப்பாளர் வரையவேண்டும்.

இனி, எழுதும் விதம். உங்கள் 9-ஆம் கருத்து இப்படி இருக்கிறது: "சுவருக்கும் பைலுக்கும் இடைவெளி குறைவு, வேலை செய்வது கடினம்." நான் இப்படி எழுதுவேன்:

"வெட்டு 2-2, மட்டம் -3.6: பைலுக்கும் சுவருக்கும் இடையே 400 மி.மீ. உள்ளது, பைல் சாய்வு 1.5 சதவீதம் என்றால் அடியில் 280 மி.மீ. வெளிச்சவ்வு ஒட்டவும் வெளி ஷட்டர் எடுக்கவும் இயலாது. மேலும் -3.3 ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது தள்ளலைத் தளத்துக்குக் கடத்த இணைப்பு ஏதும் இல்லை. முன்மொழிவு: சுவரைப் பைலோடு ஒட்டி வார்த்தல், ஸ்ட்ரட் -2.4-க்கு உயர்த்தி நடுவிடத்தில் அமைத்தல். விளைவு: பைல் கம்பி மறுகணக்கு, சவ்வு இனம் மாற்றம். முடிவெடுக்கவேண்டியவர்: கட்டமைப்பு வடிவமைப்பாளர், டெண்டர் வெளியாகும் முன்."

43 கருத்துகளை இந்த அச்சில் எழுத முயன்றால் எட்டோ பத்தோதான் தேறும். மற்றவற்றை "ஒப்பந்ததாரர் கவனத்துக்கு" என்று தனித்தாளில் வையுங்கள். அந்த எட்டில் ஒன்றுக்கும் வடிவமைப்பாளர் மறுபடி பழைய பதிலையே தந்தால், வாதிடவேண்டாம். "அப்படியானால் ஸ்ட்ரட் கழற்றும் வரிசையும் அப்போதைய தள்ளல் சுமையும் டெண்டர் நிபந்தனையில் எழுத்தில் வரட்டும்" என்று மட்டும் கேளுங்கள். அதை எழுத உட்கார்ந்தவுடன் அவரே அந்த 400 மி.மீ. இடைவெளிக்கு வந்து சேர்வார்.