தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா இருக்குமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஆங்கில மீடியத்தில் நாலாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைத் தப்பில்லாமல் வாசிப்பான், கொஞ்சம் மெதுவாக. மதரஸாவில் குர்ஆனும் நன்றாக ஓதுகிறான். ஆங்கிலம்தான் சுத்தமாக வரவில்லை. டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம் என்கிறார் டியூஷன் டீச்சர். தமிழ் வாசிக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் இருக்காது என்கிறார்கள் பள்ளியில். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: பள்ளியில் சொன்னது தவறு, சகோதரி. அதற்காக டியூஷன் டீச்சர் சொன்னது உறுதியாகிவிட்டது என்றும் இல்லை. தமிழில் அவன் எத்தனை தப்பு விடுகிறான் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிரமம் கண்ணில் இல்லை. பேச்சொலியைப் பிரித்து, எழுத்தோடு பொருத்தி, அதைச் சட்டென்று நினைவிலிருந்து எடுப்பதில்தான் அவர்கள் திணறுகிறார்கள். அந்தத் திணறல் எப்படி வெளியே தெரியும் என்பது மொழியின் எழுத்துமுறையைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் 'தோ', 'த்ரூ', 'காஃப்' என்ற மூன்று சொற்களுக்கும் கடைசி நான்கு எழுத்துகள் ஒன்றே. ஒலியோ மூன்று விதம். கூட்டி வாசிக்கிற பிள்ளை அங்கே தப்புக்கு மேல் தப்பாக விடும். தமிழில் கூட்டி வாசித்தால் சரியான சொல் கிடைத்துவிடும். க என்ற எழுத்து கடலில் ஒரு விதமாகவும் தங்கத்தில் வேறு விதமாகவும் ஒலிக்கிறதே என்று கேட்கலாம். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும் ஒலி, தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை யோசிக்காமலே அதைச் செய்துவிடும். ஆகவே தமிழில் தப்பு குறைவாக இருக்கும், வேகம்தான் வராது.

இத்தாலிய மொழியும் இப்படி எழுதியபடியே வாசிக்கிற மொழி. இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில டிஸ்லெக்ஸியா மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2001இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இத்தாலியர்கள் மற்ற இரு சாராரையும்விட நன்றாக வாசித்தார்கள். ஆனால் மூளையின் இடப்பக்கத்தில் வாசிப்புக்கான பகுதி மூன்று சாராருக்கும் ஒரே மாதிரிதான் குறைவாக இயங்கியது.

மண்டபம் பக்கமிருந்து என்னிடம் வந்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கதை இதுதான். தமிழில் நல்ல மதிப்பெண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்தேன். வகுப்புத் தோழிகள் ஒரு நிமிடத்தில் முடித்ததற்கு அவளுக்கு மூன்று நிமிடம் ஆனது. தப்பு இரண்டே இரண்டு. உதடு அசைய, 'வ... லைக்... கா... ரர்' என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் வந்து சேர்ந்தாள். முடித்ததும் பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கவனம் முழுக்க எழுத்திலேயே செலவாகிவிட்டது. அடுத்து, அர்த்தமில்லாத சொற்களை எழுதிக் காட்டினேன். 'மெகோடு' என்பதை 'மகொடு' என்றாள். ஊகிக்க வழியில்லாத சொல்லில்தான் உண்மை நிலை தெரியும். கொம்புக்குறி மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ போன்றவற்றில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. டிஸ்லெக்ஸியா உள்ள தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் பிள்ளைக்கு வீட்டிலேயே மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், அவன் படித்திராத தமிழ்ப் பத்தி ஒன்றை எடுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருக்கும். போனில் ஒரு நிமிடம் வைத்து, எந்தச் சொல் வரை வந்தான் என்று குறியுங்கள். அதே பத்தியை அவன் வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கிற மூன்று நான்கு பிள்ளைகளிடமும் கொடுங்கள். அவர்கள் வாசித்ததில் பாதியைக்கூட இவன் தாண்டவில்லை என்றால் நான் கவலைப்படுவேன். இரண்டாவது, 'தெபோகு', 'கீமொடு' மாதிரி அர்த்தமில்லாத சொற்கள் பத்து எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஓதல். ஹரகத் என்ற உயிர்க்குறிகள் போட்ட அரபி எழுத்தும் எழுதியபடியே ஒலிப்பதுதான். அர்த்தம் தெரியாமல் ஓதுகிற பிள்ளைக்கு ஊகிக்க வழி கிடையாது. அதனால் குர்ஆனின் ஒரு பக்கம் நல்ல சோதனையாக அமையும். ஆனால் உஸ்தாது ஓதிக்கொடுத்துத் திருப்பிச் சொன்ன பக்கமாக இருக்கக் கூடாது. அது நினைவாற்றலைத்தான் காட்டும். இதுவரை பாடம் வாங்காத பக்கத்தில் நாலு வரி ஓதச் சொல்லி, கூடப் படிக்கிற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி உஸ்தாதிடமே கேளுங்கள்.

மூன்றிலும் அவன் மற்றவர்களுக்குச் சமமாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் முறை. ஏ, பி, சி என்று எழுத்தின் பெயரை மட்டும் கற்றுக்கொண்டு, அது எழுப்பும் ஒலியைக் கற்காத பிள்ளைகள் ஏராளம். ஆறு மாதம் ஒலி வழியில் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் தேறிவிடுவார்கள். அப்படியும் தேறாவிட்டால் ஆங்கிலத்தில் மட்டும் டிஸ்லெக்ஸியா என்பதற்கும் இடமுண்டு. ஜப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் பெற்றோரின் மகன் ஒருவன் ஜப்பானிய மொழியைச் சரளமாக வாசித்து, ஆங்கிலத்தில் கடுமையாகத் திணறியதை வைடல், பட்டர்வொர்த் என்ற ஆய்வாளர்கள் 1999இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

தமிழிலும் வேகம் இல்லை, அர்த்தமற்ற சொற்களிலும் தடுக்குகிறான் என்றால் முறையான பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணையும் காதையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு குழந்தை நல மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்து மதிப்பிடுவார்கள். டிஸ்லெக்ஸியாவும் அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வருகிறது. சான்றிதழ் எட்டு வயதிலிருந்து கொடுக்கிறார்கள் என்பதால் உங்கள் மகனுக்கு வயது பிரச்சினை இல்லை.

அங்கே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: தமிழ் வாசிப்பையும் நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பார்கள். தமிழைத் தொட்டாலும் தப்பை எண்ணிவிட்டு 'நார்மல்' என்று எழுதிவிடுவார்கள். இன்னொன்று, 'மீன்' என்ற சொல்லில் 'ம்' ஒலியை எடுத்தால் என்ன மிஞ்சும் என்பது போலக் கேட்பார்கள். உயிரும் மெய்யும் ஒட்டிய எழுத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு 'கடல்' என்பதில் 'க'வை எடுப்பது சுலபம், 'ம்'மை மட்டும் பிரிப்பது கைவர வருடக்கணக்கில் ஆகும். இந்த ஒன்றில் தோற்றதை மட்டும் வைத்து முடிவு எழுதினால் ஏற்காதீர்கள்.

அவனுடைய தமிழ் டிக்டேஷன் நோட்டையும் எடுத்துப் போங்கள். 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதியிருந்தால் அது நம் பக்கத்துப் பேச்சு, நோயல்ல. ல-ள, ர-ற மாறுவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. 'மீன்' 'மின்' ஆவது, 'தோணி' 'தொணி' ஆவது, 'பட்டம்' என்பதில் ஒற்று விழுந்து 'படம்' ஆவது நாலாம் வகுப்பிலும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தால், அந்தப் பக்கங்களை மடித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.