ஒரு வருஷத்துல கனவுப் பயணம்: பன்னெண்டால வகுத்தா மட்டும் போதாது

கேள்வி: ஐரோப்பா போகணும்னு ரொம்ப நாள் ஆசை. 10 நாளுக்கு எல்லாம் சேர்த்து 1,20,000 ஆகும்னு கணக்கு போட்டிருக்கேன் (டிக்கெட் 45,000, விசா-இன்சூரன்ஸ் 8,000, தங்க-சாப்பிட-சுத்த ஒரு நாளைக்கு 5,500, கைவசம் வெச்சுக்க 12,000). மாசம் 8,000 ஒதுக்க முடியும். ஒவ்வொரு தடவையும் சேர்க்க ஆரம்பிச்சு நாலஞ்சு மாசத்துல அந்தக் காசு வேற எதுக்காவது போயிடுது. இந்தத் தடவையாவது ஒரு வருஷத்துல முடியுமா? - பெயர் வேண்டாம்

பதில்: முடியும், ஆனா நீங்க எழுதின அதே வடிவத்துல முடியாது. 8,000 வீதம் 12 மாசம்னா 96,000 தான், 24,000 இடிக்குது. அதை எங்க சரிக்கட்டுறதுன்னு பிறகு பார்ப்போம், அதுக்கு முன்னாடி நாலாவது மாசம் காசு காணாம போற விஷயத்தைப் பேசியே ஆகணும், ஏன்னா அதை விட்டுட்டு எந்தக் கணக்கு போட்டாலும் மறுபடியும் அங்கதான் வந்து நிக்கும்.

உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை கடைசி 12 மாசத்துக்கு எடுத்து வெச்சுக்கிட்டு, மாசாமாசம் வராத செலவை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. இன்சூரன்ஸ் பிரீமியம், படிப்புக் கட்டணம், வண்டி சர்வீஸ், பல் டாக்டர், கல்யாண மொய், புது போன், இப்படி. இதையெல்லாம் நாம திடீர் செலவுன்னு சொல்றோம், ஆனா பாதிக்கு மேல வருஷாவருஷம் வர்றதுதான், அந்த மாசத்துக்கு மட்டும்தான் திடீர். இந்தக் கூட்டுத்தொகை 24,000 வந்துச்சுன்னு வைங்க, மாசத்துக்கு 2,000 ஆச்சு. உங்க 8,000, இந்த 2,000-ஐ எடுத்து வெச்சதுக்கு அப்புறமும் மிஞ்சுற தொகையா, இல்ல அதையும் சேர்த்து சொன்னதான்னு பாருங்க. சேர்த்துன்னா நிஜமா உங்களால முடியுறது 6,000 தான், அப்போ பயணம் ஒரு வருஷத்துல இல்ல, 20 மாசத்துல. இது தெரியாம ஆரம்பிச்சா பிரீமியம் கட்டுற மாசம் பயணக் காசுலதான் கை வைப்பீங்க, வேற வழியே இருக்காது.

மிஞ்சுறதே 8,000 தான்னு எடுத்துக்கிட்டு மேல போறேன்.

24,000 குறையுதுன்னதும் எல்லாரும் முதல்ல நாளைக் குறைப்பாங்க. ஆனா டிக்கெட்டும் விசாவும் நீங்க 10 நாள் போனாலும் 5 நாள் போனாலும் அதே 53,000 தான், ஒரு நாளைக் குறைச்சா மிஞ்சுறது 5,500 மட்டும். முழுக் குறையையும் நாள்லயே ஈடுகட்டணும்னா நாலு நாளுக்கு மேல போயிடும், கிட்டத்தட்ட பாதிப் பயணத்துக்கு எண்பது சதவீத காசு கொடுத்த மாதிரி, எனக்கு அது நியாயமா படல. பயணத்தை மூணு மாசம் தள்ளிப் போட்டா ஒண்ணையும் குறைக்க வேண்டாம், 15 மாசத்துல 1,20,000 சரியா வந்துடும். தள்ளவே முடியாதுன்னா ரெண்டு நாளைக் குறைங்க (11,000), மாசம் 1,000 கூட்டி 9,000 ஆக்குங்க (12,000). பாக்கி 1,000 ஒரு விஷயமே இல்ல, கைவசத்துல குறைச்சுக்கலாம்.

மாசாமாசம் கூட்டுற அந்த 1,000-க்காக எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா சுருக்காதீங்க, தினமும் மனசோட மல்லுக்கட்டி ரெண்டே மாசத்துல வெறுத்துடும். ஒரே ஒரு செலவை எடுங்க, அதுவும் பழக்கத்துக்குப் போறதா, நின்னாலும் நீங்க தேடாததா இருக்கணும், அதை வருஷம் முழுக்க நிறுத்துங்க. நிறுத்தின காசை சம்பளம் வர்ற அன்னைக்கே சேர்த்து மாத்திடணும். மாசக் கடைசியில மிஞ்சினா போடலாம்னு விட்டா அது செலவுக் கணக்குலயே கரைஞ்சிடும்.

தனி அக்கவுன்ட் அதுக்குத்தான். சம்பள அக்கவுன்ட் இல்லாத வேற பேங்க்ல ஒரு சாதாரண சேவிங்ஸ், டெபிட் கார்டு வாங்காதீங்க, போன்ல பேமென்ட் ஆப் எதோடயும் இணைக்காதீங்க. சம்பளத்துக்கு மறுநாள் 9,000 தானா போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துடுங்க. வட்டி கூட வருமேன்னு வருஷம் முழுக்க லாக் ஆகுற டெபாசிட்ல போட சொல்வாங்க, ஆனா 3 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் வித்தியாசம் மாசம் 9,000-க்கு ஒரு வருஷத்துல ஏறத்தாழ 1,750 தான், அதுவும் நடுவுல டிக்கெட்டுக்கு எடுக்காம இருந்தா. உங்களுக்கு நடுவுல எடுத்தே ஆகணும். ஷேர் பக்கம் போகவே வேண்டாம், டிக்கெட் போடுற மாசம் பார்த்து மார்க்கெட் இறங்கியிருந்தா காத்திருக்க உங்ககிட்ட நேரம் கிடையாது.

இப்போ தலைப்புல சொன்னதுக்கு வர்றேன். காசு எல்லாம் 12-வது மாசம் தேவைப்படாது, பெரிய செலவு நடுவுலயே வந்துடும். நீங்க 13-வது மாசம் கிளம்புறீங்கன்னு வைங்க. ஐரோப்பாவுல பெரும்பாலான நாடுகளுக்கு ஒண்ணா கொடுக்கிற ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியில இருந்து அப்ளை பண்ணலாம், அதாவது 7-வது மாசம், அப்போ அக்கவுன்ட்ல 63,000 இருக்கும். பொதுவா கடைசி சில மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பாங்க, மாசாமாசம் ஒரே தொகை ஏறிட்டு வந்த அக்கவுன்ட்டைப் பார்த்தா கேள்வி வராது, அப்ளை பண்றதுக்கு முந்தின வாரம் யார்கிட்டயோ வாங்கி மொத்தமா போட்டா அது எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்பாங்க.

இந்த இடத்துல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. டிக்கெட் விலை ஏறிடுமேன்னு பயந்து விசாவுக்கு முன்னாடியே ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டைப் போட்டுடுவாங்க, விசா மறுத்துட்டா 45,000 அப்படியே போச்சு. விசா ஃபீஸ் எப்படியும் திரும்ப வராது, அது போகட்டும். டிக்கெட்டுக்கு இப்போதைக்கு புக்கிங் மட்டும் வெச்சுக்கிட்டு, ரூமும் ஃப்ரீ கேன்சல் உள்ளதா பார்த்துப் போட்டுட்டு, பாஸ்போர்ட்ல ஸ்டிக்கர் விழுந்த பிறகு காசு கட்டுங்க. இன்சூரன்ஸ் மட்டும் அப்ளை பண்றப்பவே கைல இருக்கணும், மருத்துவச் செலவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ கவர் உள்ளதா பாருங்க.

விசா-இன்சூரன்ஸ் 8,000 போக, 8-வது மாசம் டிக்கெட்டும் கட்டின பிறகு அக்கவுன்ட்ல 19,000 தான் நிக்கும், அதைப் பார்த்து மனசு உடைஞ்சிடாதீங்க. மீதி நாலு மாசத்துல 36,000 ஏறி 55,000 ஆகிடும். 8 நாள் செலவு 44,000 போக 11,000 கைவசம், யூரோ 5 சதவீதம் ஏறினாலும் இடிக்கிறது 2,200 தான், தாங்கும்.

ஒண்ணு மட்டும் நாள்காட்டியில குறிச்சு வைங்க, 6-வது மாசக் கடைசி. அன்னைக்கு அக்கவுன்ட்ல 54,000 இருக்கணும். 45,000 இருந்தா ஒரு மாசத் தவணை தவறியிருக்கு, ஓட்டிடலாம். 36,000-க்குக் கீழ இருந்தா விசாவுக்கே போகாதீங்க, தேதியைத் தள்ளுங்க. அப்போ தள்ளினா ஒரு பைசா நஷ்டமில்ல, டிக்கெட் போட்ட பிறகு தள்ளினா மாத்துறதுக்கே தனியா காசு கேட்பாங்க, அந்தக் காசுக்கு நீங்க கிரெடிட் கார்டைத்தான் தேடுவீங்க.